கொட்டேஷனில் கம்பெனி, ஜிஎஸ்டியில் தனி ஆள்: பணம் யாருக்குப் போகிறது?

கேள்வி: ஒரு மெஷினுக்கு 6 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொட்டேஷன் தலைப்பில் பிரைவேட் லிமிடெட் என்று இருக்கிறது, ஆனால் கீழே இருக்கும் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் புரொப்ரைட்டர்ஷிப் என்று வருகிறது. பிரைவேட் லிமிடெட், பப்ளிக் லிமிடெட், பார்ட்னர்ஷிப், தனி உரிமையாளர், இதெல்லாம் எப்படி வேறுபடும்? ஒரு நிறுவனத்தைத் தேடும்போது எங்கே, என்ன பார்க்க வேண்டும்?

பதில்:

பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை, இப்படிப் பெயர் மாறி வருவதற்குச் சாதாரணமான காரணமும் உண்டு. ஆனால் எந்தக் காரணம் என்று தெரியாமல் கொடுத்தால், நாளைக்கு மெஷின் வரவில்லை என்று கேட்கப் போகும்போது "நீங்க பணம் கொடுத்தது எங்க கம்பெனிக்கு இல்லையே" என்று ஒருவர் சொல்ல முடியும், சட்டப்படி அது வெறும் சாக்காகவும் இருக்காது.

இந்த நான்கு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாடப்புத்தகம் போல நான்கு கட்டம் போட்டுப் படித்தால் மறந்துவிடும். பணம் கொடுக்கிறவருக்கு இரண்டே கேள்விதான் முக்கியம். பாக்கி வைத்தால் யாருடைய சொத்திலிருந்து வசூலிக்கலாம்? இந்த ஆட்களைப் பற்றி அரசாங்கப் பதிவேடு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எது? கம்பெனி என்றால் கம்பெனியின் சொத்து மட்டும்தான், பதிவேடு மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் இருக்கிறது. பார்ட்னர்ஷிப் என்றால் நிறுவனத்தின் சொத்தோடு பார்ட்னர்களின் சொந்தச் சொத்தும் சேரும், பதிவேடு மாநில அரசிடம், அதுவும் அவர்கள் பதிவு செய்திருந்தால் மட்டும். தனி உரிமையாளர் என்றால் அந்த மனிதரும் வியாபாரமும் ஒன்றுதான், அதற்கென்று தனிப் பதிவேடே கிடையாது.

கடைசி வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பலர் தனி உரிமையாளர் கடையின் பெயரைக் கம்பெனிப் பதிவேட்டில் தேடிவிட்டு "பதிவே இல்லை, டுபாக்கூர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கே இருக்கவே இருக்காது. நேர்மையாகப் பல வருடம் தொழில் செய்கிற புரொப்ரைட்டரும் அங்கே இருக்க மாட்டார்.

அதனால் முதலில் வகையைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் தேட வேண்டும். வகையைக் கண்டுபிடிக்க உங்கள் கையில் இருக்கிற ஜிஎஸ்டி எண்ணே போதும். அது 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண், அப்படியே. பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருடைய பான் என்று சொல்லிவிடும்: `P` என்றால் தனி மனிதர், `C` என்றால் கம்பெனி, `F` என்றால் பார்ட்னர்ஷிப், `H` என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். ஆக ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். உங்களுடையது இப்படி இருக்கும்:

```
33xxxPxxxxxx1Zx
```

ஆறாவது இடத்தில் `P` இருக்கிற ஒரு எண் பிரைவேட் லிமிடெட் கம்பெனியுடையதாக இருக்கவே முடியாது. இதற்கு எந்த விளக்கமும் செல்லாது, ஏனென்றால் கம்பெனிக்குத் தனியாக ஒரு பான் உண்டு, அதில் `C` தான் வரும். இன்டர்நெட் இல்லாத இடத்தில்கூட பில்லைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம், எனக்குத் தெரிந்த ஆடிட்டர்கள் கண்ணால் மேய்ந்துவிட்டே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதிக்குப் போய் எண்ணைப் போட்டால் வருகிற பக்கம். நீங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டீர்கள், ஆனால் Constitution of Business என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதே பக்கத்தில் Legal Name, Trade Name என்று இரண்டு பெயர் இருக்கும். தனி உரிமையாளருக்கு முதல் பெயர் அந்த மனிதரின் சொந்தப் பெயர், இரண்டாவது கடையின் பெயர். முதல் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். கூடவே பதிவுத் தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்ற நிலை, அப்புறம் அவர்கள் தாக்கல் செய்த ரிட்டர்ன்களின் பட்டியல். வியாபாரம் நடக்கிற இடம் என்றால் ரிட்டர்ன் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். ஆறு மாதமாக ஒன்றும் தாக்கல் ஆகாமல் இருந்தால், பதிவு இன்னும் நடப்பில் என்று காட்டினாலும், ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டிய விஷயம்தான்.

சரி, இப்போது கம்பெனிப் பக்கம். கொட்டேஷன் தலைப்பில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருக்கிறார்களே, அதே தாளில் CIN என்று 21 எழுத்தில் கம்பெனியின் அடையாள எண் ஒன்று இருக்கிறதா? 2013 கம்பெனிச் சட்டத்தின் 12வது பிரிவுப்படி கம்பெனியின் லெட்டர்பேடு, பில் எல்லாவற்றிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, இந்த எண், போன், மின்னஞ்சல் இருக்க வேண்டும். எண் இல்லாத "பிரைவேட் லிமிடெட்" தாளைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வரும். இருந்தால் அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் கிடைத்துவிடும்:

```
U28110TZ2021PTC000000
```

(இது மாதிரிக்கு நான் போட்டது, கடைசி ஆறு எண்ணைத் தேடாதீர்கள்.) முதல் எழுத்து `U` என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது, `L` என்றால் பட்டியலிடப்பட்டது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. அப்புறம் மாநிலம்: சென்னைப் பதிவாளர் எல்லை என்றால் `TN`, கோவைப் பதிவாளர் எல்லை என்றால் `TZ`, புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் கம்பெனி தொடங்கிய வருடம். அடுத்த மூன்று எழுத்துதான் வகை: `PTC` பிரைவேட், `PLC` பப்ளிக், `OPC` ஒரே ஆள் கம்பெனி. கடைசி ஆறு பதிவு எண்.

இந்த எண்ணையோ பெயரையோ mca.gov.in தளத்தில் கம்பெனி விவரப் பகுதியில் போட்டுப் பாருங்கள். அங்கே வருவதில் எல்லோரும் முதலில் பார்ப்பது Active என்ற சொல்லைத்தான், அதற்குக் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம். பதிவாளர் இன்னும் பெயரை நீக்கவில்லை, கலைப்பு நடக்கவில்லை என்பதைத் தாண்டி அதில் பெரிதாக எதுவும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போன கம்பெனியும் நடவடிக்கை வருகிற வரைக்கும் Active ஆகவே நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியாகத் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டின் தேதி. மார்ச் 31இல் முடிகிற வருடக் கணக்கைச் செப்டம்பருக்குள் ஆண்டுக் கூட்டத்தில் வைத்து, அதிலிருந்து 30 நாளில் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிட வேண்டும். நவம்பர் தாண்டியும் இரண்டு மூன்று வருடம் முந்தைய தேதியே நிற்கிறது என்றால் அந்தக் கம்பெனி கணக்குக் காட்டவில்லை. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்களே ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள், அந்த அளவுக்குத் தீவிரமான விஷயம். ஆனால் புதுக் கம்பெனிக்கு இந்த இடம் காலியாக இருப்பது இயல்புதான், முதல் கூட்டத்துக்கு அவர்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு.

அடுத்தது மூலதனம். இரண்டு எண் இருக்கும், பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அனுமதிக்கப்பட்ட மூலதனம் என்பது எவ்வளவு வரைக்கும் பங்கு வெளியிடலாம் என்ற உச்சவரம்பு, அவ்வளவுதான். செலுத்தப்பட்ட மூலதனம்தான் பங்குதாரர்கள் உண்மையில் உள்ளே போட்ட பணம். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது ஒரு லட்சம் வேண்டும் என்று இருந்த விதியை 2015இல் எடுத்துவிட்டார்கள், இப்போது 10,000 ரூபாய் போட்டும் தொடங்கலாம். அந்தக் கம்பெனியிடம் நீங்கள் 6 லட்சம் கொடுத்து, அது செலவாகி, கம்பெனி நொடித்துப் போனால், பங்குதாரர்கள் தாங்கள் போட்ட 10,000 ரூபாயைத்தான் இழப்பார்கள். டைரக்டரின் வீட்டையோ காரையோ உங்களால் தொட முடியாது, மோசடி என்று நிரூபித்தாலோ அவர் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தாலோ தவிர.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஆட்களிடம் பிரைவேட் லிமிடெட் என்றால் பெரிய இடம், புரொப்ரைட்டர் என்றால் சின்னக் கடை என்ற நினைப்பு ஆழமாக ஊறியிருக்கிறது. கடன் கொடுப்பவர் கண்ணோட்டத்தில் பார்த்தால் பல நேரம் தலைகீழ். சொந்தமாக வீடும் ஷெட்டும் வைத்திருக்கிற ஒரு தனி உரிமையாளர் பாக்கிக்கு முழுதாகப் பொறுப்பு. 10,000 ரூபாய் மூலதனத்தில் வாடகை அறையில் இருக்கிற பிரைவேட் லிமிடெட் அப்படி இல்லை. கம்பெனி என்பதால் உங்களுக்குக் கிடைக்கிற நன்மை பாதுகாப்பு இல்லை, தகவல்தான். டைரக்டர் யார், கணக்கு என்ன, எந்த வங்கியில் எவ்வளவுக்கு அடமானம் வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், மற்ற இரண்டு வகையிலும் அது முடியாது.

அடமானப் பட்டியலையும் ஒரு முறை திறந்து பாருங்கள். கம்பெனி வங்கியில் கடன் வாங்கிச் சரக்கையோ இயந்திரத்தையோ ஈடு வைத்தால் அதைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். கடன் இருப்பது தப்பு இல்லை, உற்பத்தி செய்கிறவர்கள் பெரும்பாலும் கடனில்தான் ஓடுகிறார்கள். ஆனால் நொடித்தால் முதலில் நிற்பது அந்த வங்கி, அட்வான்ஸ் கொடுத்த நீங்கள் ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவராகப் பின்னால்தான் நிற்பீர்கள்.

பப்ளிக் லிமிடெட் பற்றி உங்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெயரின் முடிவில் "பிரைவேட்" இல்லாமல் "லிமிடெட்" மட்டும் இருந்தால் பப்ளிக். குறைந்தது ஏழு பங்குதாரர், மூன்று டைரக்டர். பிரைவேட்டுக்கு இரண்டு பங்குதாரர், இரண்டு டைரக்டர் போதும், பங்குதாரர் உச்சவரம்பு 200, பங்கை இஷ்டத்துக்கு வெளியாளுக்கு விற்க முடியாது. இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம், பப்ளிக் லிமிடெட் என்றாலே ஷேர் மார்க்கெட்டில் இருக்கும் என்று நினைப்பது. பட்டியலிடாத பப்ளிக் கம்பெனிகள் ஏராளம், அவற்றின் எண் `U` என்றுதான் தொடங்கும். "நாங்க பப்ளிக் லிமிடெட்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் முதல் எழுத்தைப் பாருங்கள். `L` என்றால் பங்குச் சந்தையின் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவுகள் கிடைக்கும், நான்கு வகையிலும் அதிகம் வெளிச்சத்தில் இருப்பது அதுதான். `U` என்றால் தேடுகிறவருக்குப் பிரைவேட் கம்பெனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதே தளம், அதே ஆவணங்கள். பப்ளிக் என்றதும் அரசு நிறுவனம் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பார்ட்னர்ஷிப்தான் தேடுகிறவருக்கு உண்மையில் தலைவலி. 1932 ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு கட்டாயம் இல்லை. ஒரு முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பார்ட்னர்ஷிப் தொடங்கிவிட்டது. அந்த ஒப்பந்தத்தை வைத்தே பான் வாங்கலாம், ஜிஎஸ்டி வாங்கலாம், கரண்ட் அக்கவுண்ட் திறக்கலாம். அதனால் ஜிஎஸ்டி தளத்தில் Partnership என்று காட்டுவதை வைத்து அது பதிவான நிறுவனம் என்று முடிவு செய்ய முடியாது. பதிவு செய்திருந்தால் மாநிலத்தின் நிறுவனப் பதிவாளரிடம் இருக்கும், தமிழ்நாட்டில் அது பத்திரப் பதிவு நடத்துகிற அதே பதிவுத் துறையின் கீழ் வருகிறது. அங்கே நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடி, பார்ட்னர்கள் பெயர் உள்ள பதிவேட்டு நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம். ஒரே பெயரில் ஊருக்கு ஒரு டிரேடர்ஸ் இருக்கும் என்பதால் முகவரியும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கம்பெனிக்கு இருப்பது போலப் பெயரைக் காப்பாற்றுகிற கெடுபிடி இங்கே இல்லை.

பதிவில்லாத பார்ட்னர்ஷிப் சட்ட விரோதமா? இல்லை. 69வது பிரிவுப்படி பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது, அதுதான் தண்டனை. வெளியாளான நீங்கள் அதன்மேல் வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை. பொறுப்பு விஷயத்திலும் உங்களுக்கு வசதிதான்: 25வது பிரிவுப்படி ஒவ்வொரு பார்ட்னரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு, அதாவது 6 லட்சத்தையும் ஒரே பார்ட்னரிடம் வசூலிக்கலாம், "என் பங்கு கால்வாசிதான்" என்று அவர் உங்களிடம் சொல்ல முடியாது. அது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

பிரச்சினை எங்கே வரும் என்றால், யார் பார்ட்னர் என்பதில். பதிவான நிறுவனத்தில்கூட ஆள் மாறியதை உடனே பதிவேட்டில் ஏற்றாமல் விட்டுவிடுவது சர்வ சாதாரணம். பதிவேட்டில் அப்பாவும் சித்தப்பாவும் இருப்பார்கள், கடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். விலகிய பார்ட்னர் முறைப்படி பொது அறிவிப்பு கொடுக்காத வரைக்கும், அவர் பார்ட்னர் என்று தெரிந்து நம்பி வியாபாரம் செய்தவருக்கு அவரும் பொறுப்பாகவே இருப்பார் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதனால் பெரிய தொகை என்றால் நடப்பில் இருக்கிற பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். வங்கி கேட்டால் கொடுக்கிறார்கள், 6 லட்சம் கொடுக்கிறவர் கேட்டால் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

எல்எல்பி, அதாவது லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், என்று முடிகிற பெயர் வந்தால் அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரில் பார்ட்னர்ஷிப் இருந்தாலும் 2008 சட்டப்படி அது பார்ட்னர்களிலிருந்து வேறான, தனிச் சட்ட அந்தஸ்து உள்ள அமைப்பு, பார்ட்னர்களின் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு, தேட வேண்டியதும் கம்பெனிகள் இருக்கிற அதே mca.gov.in தளத்தில்தான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். தலைப்பில் பிரைவேட் லிமிடெட், எண்ணில் `P`. மூன்று விதமாக இது நடக்கலாம்.

ரொம்ப சகஜமானது, பல வருடமாகத் தனி உரிமையாளராக இருந்தவர் அண்மையில் கம்பெனி தொடங்கியிருப்பார். லெட்டர்பேடு புதிதாக அடித்தாகிவிட்டது, பில் போடுகிற சாஃப்ட்வேரில் பழைய எண்ணே ஓடுகிறது. இப்படி என்றால் கம்பெனியின் டைரக்டர் பட்டியலில் ஜிஎஸ்டி தளத்தில் குறித்து வைத்த அந்தச் சொந்தப் பெயர் இருக்கும், முகவரியும் பெரும்பாலும் ஒத்துப்போகும், கம்பெனி தொடங்கிய வருடம் ஜிஎஸ்டி பதிவு வருடத்துக்குப் பிந்தியதாக இருக்கும். விளம்பரத்தில் "1998 முதல்" என்று இருந்து பதிவேட்டில் 2021 என்று வந்தாலும் இந்த நிலையில் பொய் இல்லை, தொழில் பழையது, கம்பெனி புதியது.

இரண்டாவது, அப்படி ஒரு கம்பெனியே இல்லை, மரியாதைக்காகப் போட்டுக்கொண்டது. கம்பெனியாகப் பதியாமல் லிமிடெட், பிரைவேட் லிமிடெட் என்று பெயரில் போட்டுத் தொழில் செய்வது கம்பெனிச் சட்டத்தின் 453வது பிரிவுப்படி குற்றம், ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். "அண்ட் கோ", "இண்டஸ்ட்ரீஸ்", "எண்டர்பிரைசஸ்", "குரூப்" என்றெல்லாம் தனி உரிமையாளர் வைத்துக்கொள்ளலாம், இந்த இரண்டை வைக்கக் கூடாது. இதில் பொய் சொல்கிறவரிடம் நான் 6,000கூடக் கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது, கம்பெனி உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் வேறு ஒருவருடையது. நல்ல பெயருள்ள கம்பெனியின் பெயரைத் தலைப்பில் போட்டு, எண்ணும் வங்கிக் கணக்கும் தன்னுடையதைக் கொடுப்பார்கள். டைரக்டர் பெயரும் ஜிஎஸ்டி பெயரும் ஒட்டவே ஒட்டாது. அப்போது கொட்டேஷனில் இருக்கிற போன் எண்ணுக்குப் பேசிப் பயனில்லை, கம்பெனிப் பதிவில் இருக்கிற முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் எழுதிக் கேளுங்கள்.

முதல் விதம்தான் என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவர் கடனுக்கு இன்னொருவர் தானாகப் பொறுப்பாவதில்லை, அதே மாதிரிதான் ஒரே ஆளுடைய புரொப்ரைட்டர் கடையும் அவருடைய பிரைவேட் லிமிடெட்டும். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சென்னை மெட்ரோ வேலை ஒன்றில் விளக்குச் சாதனங்களுக்காக ஒரு தனி உரிமையாளர் நிறுவனத்துக்கு 50 லட்சம் அட்வான்ஸ் போனது. மெட்ரோ ஒப்பந்தம் ரத்தானது, ஆனாலும் அந்தப் பணம் எடுக்கப்பட்டுவிட்டது. திருப்பிக் கேட்டபோது, கிட்டத்தட்ட அதே பெயரில் வந்திருந்த பிரைவேட் லிமிடெட், அந்தப் பழைய நிறுவனத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை என்றது. தீர்ப்பாயம், மேல்முறையீடு என்று போய் உச்ச நீதிமன்றம் 2022இல்தான் முடித்து வைத்தது, வழக்கின் பெயர் கன்சாலிடேட்டட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கன்சார்டியம் எதிர் ஹிட்ரோ எனர்ஜி. பணம் கொடுத்தவர் ஜெயித்தார். ஜெயிக்க வைத்தது எது தெரியுமா? Memorandum of Association என்கிற கம்பெனியின் அமைப்புச் சாசனத்தில், அந்தத் தனி உரிமையாளர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வது முக்கிய நோக்கங்களில் ஒன்று என்று எழுதியிருந்த ஒரு வரி. அது இல்லாவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

அந்தச் சாசனம் பொது ஆவணம். mca.gov.in தளத்தில் கம்பெனி ஒன்றுக்கு 100 ரூபாய் கட்டினால் அதையும், தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டுகளையும் திறந்து பார்க்கலாம். 6 லட்சத்துக்கு முன்னால் 100 ரூபாய் ஒன்றுமே இல்லை. நோக்கங்கள் பகுதியில் பழைய கடையின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நல்லது, இல்லையென்றால் இரண்டும் வேறு வேறு ஆள் என்றே நடந்துகொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் கேட்பது இதுதான்: புரோஃபார்மா இன்வாய்ஸ், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு, ஆர்டரில் கையெழுத்து, நான்கும் ஒரே பெயரில் வர வேண்டும். கம்பெனியோடுதான் வியாபாரம் என்றால் `C` உள்ள எண்ணோடு இன்வாய்ஸ் கேளுங்கள், ரத்து செய்த செக் ஒன்றின் படம் கேளுங்கள், அதில் கம்பெனியின் முழுப் பெயர் அச்சாகியிருக்கும். ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் கம்பெனிக்காக, டைரக்டர் என்று போட வேண்டும். டைரக்டரின் சொந்த சேவிங்ஸ் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், ஜிபே எண் கொடுத்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் சரி. கம்பெனியின் மூலதனம் சின்னதாக இருந்தால் டைரக்டரிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கடிதம் ஒன்று கேட்கலாம், அது அந்த லிமிடெட் சுவரில் ஒரு கதவு வைக்கிற வேலை.

இல்லை, பழைய கடையின் பெயரிலேயே செய்கிறோம் என்றால் அதுவும் சம்மதம்தான், இன்னும் சொல்லப்போனால் வசூல் விஷயத்தில் அதுவே மேல். அப்போது தலைப்பில் பிரைவேட் லிமிடெட் இல்லாத கொட்டேஷன் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டரில் கடைப் பெயரோடு நிறுத்தாமல், இன்னார், உரிமையாளர் என்று மனிதரின் பெயரும் வீட்டு முகவரியும் எழுதுங்கள். வழக்கு என்று வந்தால் கடைப் பெயரிலேயே அவர்மேல் வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருந்தாலும், கடைசியில் வசூலிக்கப் போவது ஒரு மனிதரிடம், அவர் யார், எங்கே இருக்கிறார் என்பது கையில் இருக்க வேண்டும். தனிப் பதிவேடு இல்லாததால் துண்டு துண்டாகத்தான் சேர்க்க முடியும்: ஜிஎஸ்டி ரிட்டர்ன் பட்டியல், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் சான்றிதழ் இருந்தால் அந்த எண்ணை உத்யம் தளத்தில் சரிபார்ப்பது, கடையை நேரில் போய்ப் பார்ப்பது. உத்யம் சான்றிதழைப் பெரிதாக நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் தொழில் செய்கிறவர் தானே சொல்லிப் பதிவதுதான்.

இன்னொன்று, தனி உரிமையாளர் இறந்துவிட்டால் அந்த ஜிஎஸ்டி எண்ணும் அவரோடு முடிந்துவிடும், ஏனென்றால் அது அவருடைய பான். பிள்ளை அதே கடையை அதே பெயரில் நடத்தினாலும் புது எண்தான் வாங்க வேண்டும். பழைய கடைக்குப் புது எண் என்று வந்தால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கொட்டேஷனில் CIN இருக்கிறதா, டைரக்டர் பெயர் ஜிஎஸ்டியில் வந்த பெயரோடு பொருந்துகிறதா, இந்த இரண்டையும் இன்றைக்கே பார்த்துவிடலாம், அரைமணி நேர வேலை. பொருந்தவில்லை என்றால் மற்றதெல்லாம் பார்க்க வேண்டிய அவசியமே வராது.